தேதி சொல்வதும் பில் போடுவதும்: ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். சம்பள வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்த முதல் ஆண்டில் மூன்று பேருக்கு ஒரே வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் பேசும்போது அந்த வெள்ளிக்கிழமை காலியாகத்தான் தெரிந்தது. கடைசி இரண்டு இரவுகள் தூங்காமல் மூன்றையும் முடித்தேன். அந்தக் களைப்பில் பில் போடுவதைத் தள்ளிப்போட்டேன். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பில் அனுப்பியபோது, அந்த நிதியாண்டுக் கணக்கை முடித்துவிட்டோம், புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். பணம் கைக்கு வர மேலும் நான்கு மாதம் ஆனது.

இரண்டும் ஒரே தவறுதான் என்று பிறகுதான் புரிந்தது. வேலைக்கான நேரத்தை மட்டுமே கணக்கில் வைத்திருந்தேன். திருத்தத்துக்கும் பில்லுக்கும் பணம் கேட்பதற்கும் ஆகும் நேரத்தை எங்குமே எழுதி வைக்கவில்லை. இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதை ஒரு மார்ச் மாதத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். நீங்கள் வடிவமைப்பாளராகவோ நிரல் எழுதுபவராகவோ இருந்தால், சொற்கள் என்று நான் சொல்லும் இடத்தில் பக்கங்கள் என்றோ திரைகள் என்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாரத்தின் மணிநேரத்தை எண்ணுங்கள்

தேதி சொல்வதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒரு வாரத்தில் எத்தனை மணிநேரம் விற்க முடியும் என்பது ஒன்று. ஒரு மணிநேரத்தில் எவ்வளவு வேலை முடியும் என்பது மற்றொன்று.

நாளைக்கு எட்டு மணிநேரம் மேசையில் உட்காருகிறேன். ஆனால் கவனம் சிதறாமல் மொழிபெயர்ப்பது ஐந்து மணிநேரம்தான். வாரத்துக்கு ஆறு நாள், ஆக 30 மணிநேரம். இதிலிருந்து பில், வசூல் வேலைக்கு 2 மணி, புதிய விசாரணைகளுக்குப் பதில் எழுத 1 மணி, முன்பே கொடுத்த வேலைகளில் திரும்பி வரும் திருத்தங்களுக்கு 5 மணி கழிக்கிறேன். மிச்சம் 22. அந்த 22 மணிநேரம்தான் என் சரக்கு. அதற்கு மேல் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தால், அது இன்னொருவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பதுதான்.

வேகத்தை ஊகிக்காதீர்கள். இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாதாரண உரைநடையில், நானே ஒருமுறை படித்துத் திருத்துவதையும் சேர்த்து, மணிக்கு 300 சொற்கள் வருகின்றன. குழந்தைகளுக்கான கதை என்றால் 200தான். சிறிய வாக்கியங்களாக இருப்பதால் விரைவாக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு குழந்தையின் வாயில் வரக்கூடிய சொல்லைத் தேட, சட்ட ஆவணத்துக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகிறது.

திருத்தத்துக்கான அந்த 5 மணிநேரத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் ஒதுக்குவதில்லை. வேலையைக் கொடுத்த பத்தாம் நாள் நான்கு பேர் கருத்துகளோடு கோப்பு திரும்பி வரும். அன்று நீங்கள் வேறொருவரின் வேலையில் இருப்பீர்கள். அதனால் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: ஒரு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும், எல்லோருடைய கருத்துகளும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டு ஏழு நாளுக்குள் வர வேண்டும், அதற்குப் பிறகு வருபவை மணிக்கணக்கில் கட்டணம். முதல் நிபந்தனையைவிட இரண்டாவதுதான் என்னை அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

ஒரு தேதி எப்படிப் பிறக்கிறது

அந்த மார்ச்சில் மூன்று வாடிக்கையாளர்கள். இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று. ஒவ்வொரு புதன்கிழமையும் 2,000 சொற்கள் கொடுக்க வேண்டும், சொல்லுக்கு இரண்டரை ரூபாய். தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கை. 9,000 சொற்கள், சொல்லுக்கு மூன்று ரூபாய். பிறகு ஒரு பதிப்பகத்தின் குழந்தைகள் நூல். 6,000 சொற்கள், சொல்லுக்கு மூன்றரை ரூபாய்.

மார்ச் 2, திங்கட்கிழமை. தொண்டு நிறுவனத்திலிருந்து அழைத்து, ஆண்டறிக்கை 13ஆம் தேதிக்குள் வேண்டும் என்றார்கள். நான் தொலைபேசியில் தேதி சொல்வதில்லை. "இன்று மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேச்சின் நடுவே சொல்லும் தேதி நம் விருப்பத்திலிருந்து வருகிறது. தாளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் உண்மையான தேதி தெரியும்.

கணக்கு இதுதான். 9,000 சொற்களை 300ஆல் வகுத்தால் 30 மணிநேரம். வாரத்தின் 22 மணியில் பாட நிறுவனத்துக்கு ஏறக்குறைய 7 மணி போய்விடும். மிஞ்சும் 15 மணியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஆண்டறிக்கைக்கு இரண்டு வாரம், அதாவது 14ஆம் தேதி சனிக்கிழமை. அதோடு நிறுத்தினால் ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் வாக்குத் தவறிவிடும். எனவே மதிப்பிட்ட நேரத்தில் கால் பங்கை மேலே சேர்க்கிறேன். 30க்கு ஏறக்குறைய ஏழு மணிநேரம். அது 18ஆம் தேதி புதன்கிழமையில் கொண்டுபோய் விடுகிறது.

அவர்கள் கேட்டது 13. நான் கண்டது 18. இங்கே "முடியாது" என்றும் சொல்ல வேண்டியதில்லை, "முயற்சி செய்கிறேன்" என்றும் சொல்லக் கூடாது. முயற்சி செய்கிறேன் என்பதை எதிரே இருப்பவர் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். அவர்களுக்கு 13 ஏன் வேண்டும் என்று கேட்டேன். பக்க வடிவமைப்பாளர் அன்று வேலையைத் தொடங்குகிறாராம். அவருக்கு முழு அறிக்கையும் அன்றே தேவையில்லை. களப்பணிக் கட்டுரைகள் 4,000 சொற்களை 10ஆம் தேதியும், மீதியை 18ஆம் தேதியும் தருவதாக எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். பல அவசரக் கெடுக்களுக்குப் பின்னால் இப்படி ஒரு மூன்றாவது ஆள் இருப்பார். அவருக்கு எது முதலில் வேண்டும் என்று தெரிந்தால் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

மூன்று நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகள் நூலை 20ஆம் தேதி கேட்டார்கள். 6,000 சொற்கள், மணிக்கு 200 என்றால் 30 மணிநேரம். ஆண்டறிக்கை முடிந்த பிறகு மூன்றாம் வாரத்தில் 8 மணி, அடுத்த வாரம் 15, அதற்கடுத்த வாரத்தில் 7, மேலே கால் பங்கு. ஏப்ரல் 4, சனிக்கிழமை. அதையே சொன்னேன். இங்கே பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை, கதையை முழுதாகத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். சம்மதிக்காமல் போயிருந்தால் அந்த வேலை போயிருக்கும். 20 என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் கொடுத்திருந்தால் பதிப்பகமே போயிருக்கும்.

தேதியை மூலப் பிரதியோடு கட்டிவையுங்கள்

"18ஆம் தேதி தருகிறேன்" என்று மட்டும் எழுதினால், அவர்கள் தாமதமாக அனுப்பினாலும் நீங்கள் 18ஆம் தேதிக்குக் கட்டுப்பட்டவர். என் கடிதத்தில் எப்போதும் இந்த வரி இருக்கும்: "முழு மூலப் பிரதியும் மார்ச் 2ஆம் தேதிக்குள் கிடைக்கும் என்ற அடிப்படையில் இந்தத் தேதி. பிரதி தாமதமானால் புதிய தேதியைத் தெரிவிப்பேன்."

ஆண்டறிக்கையில் அதுதான் நடந்தது. 2ஆம் தேதி வந்தது 6,900 சொற்கள்தான். நிதி அறிக்கைப் பக்கங்கள் 2,100 சொற்கள் தணிக்கையாளரிடம் இருந்தன. இப்படி நேர்ந்தால் 18ஆம் தேதி வரை வாய்மூடிக் காத்திருக்காதீர்கள். 12ஆம் தேதி வியாழக்கிழமை இப்படி எழுதினேன்:

"வணக்கம் மேடம். களப்பணிக் கட்டுரைகளை 10ஆம் தேதி அனுப்பிவிட்டேன். கையில் உள்ள மற்ற பக்கங்கள் நாளை மறுநாள் முடியும். நிதி அறிக்கைப் பக்கங்கள் இன்னும் வரவில்லை. அவை 14ஆம் தேதிக்குள் வந்தால் 18ஆம் தேதி முழு அறிக்கையும் கிடைக்கும். 16ஆம் தேதி மாலை வந்தால் 20ஆம் தேதி. அதற்குப் பின் வருமானால் வந்த நாளிலிருந்து நான்கு நாள்."

இந்தக் கடிதத்தில் குறை சொல்லும் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த நாளில் அனுப்பினால் எந்த நாளில் கிடைக்கும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. பக்கங்கள் 16ஆம் தேதி மாலை வந்தன, 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை அறிக்கையைக் கொடுத்தேன். இடையில் எனக்குக் கிடைத்த ஏழு மணிநேரத்தில் குழந்தைகள் நூலைத் தொடங்கியிருந்ததால் அதன் தேதியும் தள்ளிப்போகவில்லை. கால் பங்கு சேர்த்து வைப்பது இதற்காகத்தான். இல்லாவிட்டால் ஒருவருடைய தாமதத்துக்கு மற்றவர் தண்டனை அனுபவிப்பார்.

தவறு நம்முடையதாக இருக்கும் நாளும் வரும். அப்போதும் முறை இதேதான். தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். அன்றே சொன்னால் அவர்களால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடியும். கெடு நாளன்று மாலை ஆறு மணிக்குச் சொல்பவரை யாரும் மறுமுறை அழைப்பதில்லை.

பில்: வேலையை அனுப்பும் நாளின் கடைசிக் கால் மணிநேரம்

பில் போடுவதைத் தனி வேலையாக நினைத்தால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கோப்பை அனுப்பும் நாளிலேயே பில்லும் போக வேண்டும். ஆண்டறிக்கையை 20ஆம் தேதி அனுப்பினேன், பில்லிலும் அதே தேதி.

ஆனால் அதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். வேலை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே கேளுங்கள்: பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும்? பர்ச்சேஸ் ஆர்டர் எண், அதாவது இந்த வேலைக்கு நீங்கள் பதிவு செய்த கொள்முதல் ஆணையின் எண், உண்டா? மாதத்தில் எந்த நாள் வரை வரும் பில்களை எடுத்துக்கொள்வீர்கள்? எந்த நாளில் பணம் போடுவீர்கள்? கடைசி இரண்டு கேள்விகளைக் கேட்கப் புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கணக்குப் பிரிவினருக்கு இது அன்றாடக் கேள்வி, உடனே பதில் சொல்வார்கள்.

பாட நிறுவனத்தின் பதில் இது: மாதம் 25ஆம் தேதிக்குள் வரும் பில்களுக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதி பணம். 26ஆம் தேதி வந்தால் அதற்கும் அடுத்த மாதம். ஒரு நாள் சோம்பலுக்கு ஒரு மாத வருமானம் தள்ளிப்போகிறது. மார்ச்சில் நான்காம் புதன் சரியாக 25ஆம் தேதி விழுந்தது. அதை நம்பிக் காத்திருக்க முடியாது. எனவே பிப்ரவரி 25, மார்ச் 4, 11, 18 ஆகிய நான்கு தவணைகளையும் சேர்த்து மார்ச் 19, வியாழக்கிழமை பில் அனுப்பினேன். 8,000 சொற்கள், 20,000 ரூபாய்.

பில்லில் என் பெயர், முகவரி, பான் எண், வரிசை மாறாத பில் எண், தேதி, வாடிக்கையாளரின் பதிவுப் பெயர், என்ன வேலை, எத்தனை சொல், என்ன விலை, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவை இருக்கும். "30 நாளுக்குள்" என்று எழுதாமல் "ஏப்ரல் 10க்குள்" என்று நாளைக் குறிப்பிடுகிறேன். 30 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்ற விவாதமே அப்போது எழாது. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணம் எப்போது என்பதை எதனோடு இணைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். பதிப்பகங்கள் சில "நூல் வெளியானதும்" என்று எழுதுவார்கள். நூல் அச்சாவது உங்கள் கையில் இல்லை. ஓவியர் தாமதித்தால், புத்தகக் கண்காட்சிக்காகக் காத்திருந்தால் உங்கள் பணமும் காத்திருக்கும். "இறுதி ஒப்புதலுக்குப் பின்" என்பதும் அப்படித்தான். ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் போய்விடுவார். பிரதியைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பதிப்பகம் முதலில் "வெளியானதும்" என்றுதான் கேட்டது. பாதி முன்பணம், பிரதி கொடுத்து 30 நாளில் மீதி என்று பேசி மாற்றினேன். மொத்தம் 21,000 ரூபாயில் 10,500 முன்பே வந்துவிட்டது. தொண்டு நிறுவனத்திடம் 30 சதவீதம் முன்பணம், 8,100 ரூபாய். மீதி 18,900க்கு 15 நாள் தவணை. நேரடியாக வரும் புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம் இல்லாமல் நான் தொடங்குவதில்லை. முன்பணத்தையும் தர முடியாதவர் முழுப்பணத்தை எப்படித் தருவார்?

வியாழக்கிழமை காலை, 10 முதல் 12 வரை

வாரத்தில் ஒதுக்கிய அந்த இரண்டு மணிநேரத்தை வியாழக்கிழமை காலையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பும் நினைவூட்டல் வார இறுதியில் புதைந்துவிடும். திங்கட்கிழமை எல்லோருடைய மேசையும் நிரம்பியிருக்கும். வியாழன் காலை ஒருவருக்கு எழுதினால் அவர் செயல்பட ஒன்றரை வேலை நாள் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பு வேலை எதையும் திறப்பதில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு அட்டவணை. ஒரு வேலைக்கு ஒரு வரி. வாடிக்கையாளர், முழுப் பிரதி வந்த நாள், சொன்ன தேதி, கொடுத்த தேதி, பில் எண், தொகை, பணம் வர வேண்டிய நாள், அடுத்து நான் செய்ய வேண்டியது, அதைச் செய்யும் நாள், வந்த தொகை. இதில் "அடுத்து நான் செய்ய வேண்டியது" என்ற கட்டம் பணம் வந்து சேரும் வரை காலியாக இருக்கக் கூடாது. வேலையைக் கொடுத்ததும் அந்த வரியை முடிந்ததாகக் குறிப்பதுதான் நான் முன்பு செய்த பெரிய பிழை.

பணம் வர வேண்டிய நாளுக்கு முன்பே ஒருமுறை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள நினைவூட்டல். மார்ச் 26, வியாழக்கிழமை, தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு எழுதினேன்: "வணக்கம் சார். 20ஆம் தேதி அனுப்பிய 18,900 ரூபாய் பில் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா? ஏதாவது விவரம் குறைந்தால் இன்றே அனுப்பிவிடுகிறேன்." அரை மணிநேரத்தில் பதில் வந்தது. பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாததால் பில் ஏறவே இல்லை. அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எண்ணைச் சேர்த்துப் பத்து நிமிடத்தில் அனுப்பினேன், ஏப்ரல் 2ஆம் தேதி பணம் வந்தது. தவணை முடியட்டும் என்று இருந்திருந்தால் இந்தக் குறை ஏப்ரல் 4க்குப் பிறகுதான் தெரிந்திருக்கும். அப்போது புதிய நிதியாண்டு பிறந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு வேலை கொடுத்தவரிடம் பணம் கேட்காதீர்கள், கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். வேலை கொடுத்தவருக்கு உங்கள் பில் எந்த நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. தெரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டால் உறவு கசக்கும். அவரை நகலில் மட்டும் வையுங்கள்.

வந்த தொகை குறைவாக இருந்தால்

பாட நிறுவனத்திலிருந்து ஏப்ரல் 10ஆம் தேதி வந்தது 20,000 அல்ல, 18,000. புதியவர்கள் இங்கே பதறுவார்கள். அது டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணமாக ஒரு நிறுவனம் உங்களுக்கு ஓராண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் இதை ஒப்பந்தப் பணியாகக் கருதி 1 சதவீதம் பிடிப்பதும் உண்டு. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும். தொண்டு நிறுவனத்தில் அந்த ஆண்டு எனக்கு மொத்தமே 27,000 என்பதால் பிடித்தம் இல்லை.

பிடித்த பணம் உங்கள் கணக்கில்தான் சேர வேண்டும், ஆனால் அது தானாக நடந்துவிட்டதாக நம்பிவிடக் கூடாது. நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்கின்றன. ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகியவை கடைசி நாள்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வருமான வரி இணையதளத்தில் உள்நுழைந்து, என் அட்டவணையில் உள்ள பிடித்தத் தொகைகள் அங்கே தெரிகின்றனவா என்று ஒப்பிடுகிறேன். தெரியாவிட்டால் அப்போதே எழுதிக் கேட்பது எளிது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கண்டுபிடித்தால் அங்கே வேலை பார்த்தவரே மாறியிருப்பார்.

தேதி கடந்த பிறகு

குழந்தைகள் நூலை ஏப்ரல் 4ஆம் தேதி கொடுத்தேன். மீதி 10,500 ரூபாய் மே 4ஆம் தேதி வர வேண்டும். வரவில்லை. மே 7, வியாழக்கிழமை, பில்லை மீண்டும் இணைத்து இரண்டு வரி எழுதினேன். பதில் இல்லை. மே 14ஆம் தேதி தொலைபேசியில் அழைத்தேன். "முதலாளி வெளியூரில் இருக்கிறார், வந்ததும் போட்டுவிடுகிறோம் சார்" என்றார் கணக்காளர். "எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டேன். 20 என்றார். பேசி முடித்ததும் அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். வாயால் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்தி வைப்பது, அடுத்த படிக்குப் போக நேர்ந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று.

20ஆம் தேதியும் பணம் வரவில்லை. 21ஆம் தேதி நான் எழுதிய கடிதத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சேவைத் தொழில் செய்யும் தனிநபரும் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும், பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவதில் பயனில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமும் இதைக் காட்ட முடியாது. அவர்களிடம் முன்பணமும் சிறு சிறு தவணைகளும்தான் வழி.

சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை. என் உத்யம் எண் ஒவ்வொரு பில்லிலும் கீழே அச்சாகியிருக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, இப்படிப்பட்டவர்களுக்கு உரிய காலத்தில் தராத பணத்தை, வேலை கொடுத்த நிறுவனம் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். கணக்காளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் கடிதம் நான்கு வரிதான்: பில் எண், தொகை, கடந்த நாள்கள், 14ஆம் தேதி அவர் சொன்ன தேதி. கடைசியில், இம்மாதத்துக்குள் வராவிட்டால் மாநில அரசின் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மனு செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு வரி. அதை எழுதும்போது, மனு செய்யத் தயாராகத்தான் இருந்தேன். செய்ய மனமில்லாதவர் அந்த வரியை எழுதக் கூடாது.

இதற்கிடையே அதே பதிப்பகம் அடுத்த நூலைப் பற்றிப் பேச அழைத்தது. பழைய தொகை வந்ததும் தேதி சொல்கிறேன் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, அந்த வாரத்தின் 22 மணிநேரத்தில் அவர்களுக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை என்பது உண்மைதான்.

மே 25, திங்கட்கிழமை, 10,500 ரூபாய் வந்தது. வட்டி கேட்கவில்லை. அட்டவணையில் அந்த வரியில் வந்த தேதியைக் குறித்தேன். பக்கத்தில், இந்தப் பதிப்பகத்துக்கு அடுத்த வேலையில் முன்பணம் 70 சதவீதம் என்று எழுதினேன். ஜூனில் அவர்கள் அதற்கும் சம்மதித்தார்கள்.